‘ஒரு லட்சம் தருகிறோம், ஒரு மெயில் மட்டும் போடுங்கள்’

கேள்வி:

ஐயா, மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 1,15,000 ரூபாய். வரியில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஜூலை முதல் தேதி பெங்களூரு அலுவலகத்தில் போய்ச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு. அதனால் வருகிற ஏப்ரல் வரை மனைவியும் பிள்ளைகளும் ஆனையூர் வாடகை வீட்டிலேயே இருக்கட்டும், நான் மட்டும் முன்னால் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இடமாற்றப் படியாக ஒரு லட்சம் ரூபாய் ஜூலைச் சம்பளத்தோடு வரும் என்கிறார் எச்.ஆர். மேலாளர். ‘பெங்களூருக்கு மாற்றம் கோருகிறேன்’ என்று ஒரு மெயில் மட்டும் போடச் சொல்கிறார். இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். மத்திய அரசில் வேலை பார்க்கும் என் மைத்துனர், ‘அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம், லாரி வாடகை, பத்து நாள் லீவு எல்லாம் சட்டப்படி தர வேண்டும், ஏமாறாதே’ என்கிறார். இன்னொரு நண்பர், ‘படிக்கு வரி கிடையாது, புதிய முறை என்றால் மட்டும் உண்டு’ என்கிறார். யார் சொல்வது சரி? ஒரு லட்சம் போதுமா?

- பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒரு அவசரச் செய்தி. அந்த மெயிலை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். காரணத்தைச் சற்றுக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அனுப்பிவிட்டீர்கள் என்றாலும் பதற வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது.

உங்கள் மைத்துனர் சொல்லும் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது அவருடைய கணக்கு. மத்திய அரசு ஊழியர் ஊர் மாறினால், ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மொத்தமாகக் கிடைக்கும். புதிய ஊர் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். சாமான் ஏற்றும் செலவு தனி. பணியில் சேர அவகாசம், ஆயிரம் கிலோமீட்டருக்குள் என்றால் பத்து நாள். குடும்பம் பிறகு ஆறு மாதத்துக்குள் வந்து சேர்ந்தாலும் பயணச் செலவு உண்டு. இவை எல்லாம் அரசு தன் ஊழியர்களுக்காக எழுதி வைத்த விதிகள். தனியார் நிறுவனம் உங்களைப் போன்ற ஓர் ஊழியரை ஊர் மாற்றும்போது இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. உங்கள் உரிமை இரண்டே இடத்தில்தான் இருக்கிறது: பணி நியமனக் கடிதத்திலும், நிறுவனத்தின் இடமாற்றக் கொள்கை என்ற உள்சுற்றறிக்கையிலும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தை இன்று இரவு பீரோவிலிருந்து எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘இந்தியாவில் எங்குள்ள கிளைக்கும் மாற்றப்படலாம்’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் போக மறுப்பது கடினம். இடமாற்றம் என்பது வேலையின் நிபந்தனைகளில் ஒன்று, மனுப் போட்டிருக்கிறேன் என்பதற்காகப் போய்ச் சேராமல் இருக்க முடியாது என்று 1989இல் குஜராத் மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுத்துறை ஊழியர் விஷயத்தில் சொன்னது என்றாலும், தனியார் வழக்குகளிலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். நீங்கள் போகத் தயாராகத்தான் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் அந்தப் பக்கம் நான் நீட்டவில்லை.

‘கோருகிறேன்’ என்ற ஒரு சொல்

நிறுவனம் தன் தேவைக்காக ஆளை மாற்றினால் செலவு நிறுவனத்துடையது. ஊழியர் தானாகக் கேட்டு மாறினால் செலவு ஊழியருடையது. அரசு விதியிலும் இப்படித்தான், நான் பார்த்த அநேகத் தனியார் கொள்கைகளிலும் இப்படித்தான். சொந்த வேண்டுகோளின் பேரில் மாறுபவருக்குப் படியும் இல்லை, சேருவதற்கான அவகாசமும் இல்லை.

இப்போது உங்களை அனுப்புவது அவர்கள். ஆனால் கோப்பில் இருக்கப்போவது ‘பெங்களூருக்கு மாற்றம் கோருகிறேன்’ என்ற உங்கள் மெயில். எச்.ஆர். மேலாளர் கெட்ட எண்ணத்தோடுதான் கேட்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஊழியர் சம்மதத்தோடுதான் அனுப்பினோம் என்று காட்ட ஒரு தாள் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். சம்மதம் வேறு, கோரிக்கை வேறு. அந்த வித்தியாசம் ஒரு வருடம் கழித்து, அந்த மேலாளர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, புதிதாக வரும் தணிக்கைக்காரர் கண்ணில் படும்.

என்னிடம் வந்த ஒருவர் கதை இது. திருமங்கலம் பக்கத்து ஆள், கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். இதே மாதிரி மெயில் போட்டார். படியும் வாங்கினார். எட்டு மாதம் கழித்து உள்தணிக்கையில் ‘சொந்த வேண்டுகோள் மாற்றத்துக்குப் படி அனுமதியில்லை’ என்று குறிப்பு எழுதிவிட்டார்கள். மூன்று தவணையாகச் சம்பளத்தில் பிடித்தார்கள். வாய்மொழியாக யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கையெழுத்துள்ள ஒரே காகிதம் அவருடைய மெயில்தான்.

நீங்கள் அனுப்ப வேண்டியது வேறு மெயில். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்: ‘நிறுவனத்தின் நிர்வாகத் தேவைக்காக என்னை மதுரையிலிருந்து பெங்களூருக்கு மாற்றுவது குறித்து நேரில் தெரிவித்தீர்கள். அதை ஏற்கிறேன். மாற்ற உத்தரவையும் இடமாற்றக் கொள்கையின் நகலையும் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ இதில் சம்மதம் இருக்கிறது, கோரிக்கை இல்லை. ஏற்கெனவே பழைய மெயிலை அனுப்பிவிட்டீர்கள் என்றால், அதே இழையில் பதிலாக, ‘தாங்கள் கேட்டுக்கொண்டபடி அனுப்பிய மெயில் அது. மாற்றம் நிறுவனத்தின் தேவைக்கானது என்பதைப் பதிவு செய்கிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அது உங்களுக்கு ஓர் ஆதாரம்.

மாற்ற உத்தரவு கைக்கு வந்ததும் நிறுவனத்தின் பெயரையும் ஒரு தடவை பாருங்கள். பெங்களூரு அலுவலகம் அதே கம்பெனியா, குழுமத்தின் வேறு கம்பெனியா? வேறு கம்பெனி என்றால் அது இடமாற்றமே இல்லை. பழைய வேலையை விட்டுப் புதிய வேலையில் சேருவது. உங்கள் ஒன்பது வருடப் பணிக்காலம் தொடர்கிறது என்று எழுத்தில் இருந்தாக வேண்டும். பணிக்கொடைக் கணக்கு அந்த ஒன்பது வருடத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு லட்சம் எதற்கு, எது வெளியே நிற்கும்

இடமாற்றச் செலவை மூன்று பையாகப் பிரித்துப் பார்த்தால்தான் ஒரு லட்சம் போதுமா என்று தெரியும். ஒரே தடவை செலவாகிப் போகும் பணம், முடங்கிக் கிடக்கும் பணம், மாதாமாதம் கூடும் பணம். நிறுவனங்கள் முதல் பையைத்தான் நிரப்பப் பார்க்கும். இரண்டாவதில் கடன் தரும். மூன்றாவதைப் பற்றி நீங்களாக வாய் திறக்காவிட்டால் யாரும் பேசமாட்டார்கள்.

முதல் பையில் வழக்கமாக நிறுவனம் ஏற்பது சாமான் கட்டுவது, ஏற்றி இறக்குவது, லாரி வாடகை, வழியில் சேதமானால் ஈடு கிடைக்க இன்ஷூரன்ஸ், குடும்பத்தின் பயணச் செலவு. ஊழியர் நிலையைப் பொறுத்துக் கார் அல்லது வண்டி ஏற்றும் செலவு. வீடு கிடைக்கும் வரை பத்து, பதினைந்து நாள் விருந்தினர் விடுதி. சில இடங்களில் வீடு பார்க்கப் போய்வர ஒரு தடவைப் பயணம். வழக்கமாக ஏற்காதவை புரோக்கர் கமிஷன், பள்ளி அட்மிஷன் கட்டணம், சீருடை, புது வீட்டுக்குத் திரைச்சீலை, கேஸ் இணைப்பு மாற்றம் போன்றவை. இதற்காகத்தான் பில் கேட்காமல் ஒரு தொகையைச் சேர்த்துத் தருவார்கள். அரசின் 80 சதவீதமும் இப்படிப்பட்ட சில்லறைச் செலவுக்குத்தான். உங்கள் மைத்துனர் கணக்கில் லாரி வாடகை அதற்குள் அடங்காது. உங்கள் நிறுவனம் தரும் ஒரு லட்சத்தில் எல்லாமே அடங்கியது என்று நினைக்கிறேன். உறுதியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் நிலைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் ஆனையூரிலிருந்து பெங்களூரு போக, கட்டுக்கூலி, இன்ஷூரன்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 44,000 என்று வைப்போம். கார் இருந்து அதையும் ஏற்றினால் 9,000. குடும்பப் பயணம், உங்கள் முதல் பயணம் சேர்த்து 7,000. ஆக 60,000. மீதி 40,000இல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 30,000 போனால் பத்தாயிரம் நிற்கும். பள்ளி அட்மிஷனைத் தொடுவதற்குள் தீர்ந்துவிடும். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். இரண்டு, மூன்று லாரிக்காரரிடம் விலை கேட்டு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பை வீட்டு அட்வான்ஸ். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் பழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதத்துக்குப் பேசி முடிக்கிறார்கள். 30,000 வாடகை வீட்டுக்கு ஐந்து மாதம் என்றாலும் ஒன்றரை லட்சம். இது செலவில்லை, திரும்பி வரும். அதனால்தான் நிறுவனம் படியாகத் தராது. ஆனால் வட்டியில்லாக் கடனாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், பத்து அல்லது பன்னிரண்டு மாதத்தில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். 2025-26 நிதியாண்டு விதிப்படி, 20,000 ரூபாய்க்கு மேல் இப்படி வாங்கினால், மிச்சமான வட்டியை உங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றரை லட்சத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் வருமானத்தில் 15,000 கூடும், வரி 2,340. தவணை கழியக் கழிய அதுவும் குறையும். அட்வான்ஸுக்காக நகையை அடகு வைக்கிறதைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது பையில்தான் உங்கள் கடிதத்தில் வராத பெரிய செலவு இருக்கிறது. ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம் நீங்கள் இரண்டு குடும்பம் நடத்தப்போகிறீர்கள். பெங்களூரில் ஒரு பி.ஜி. அறையும் சாப்பாடும் மாதம் 14,000 என்றால் ஒன்பது மாதத்துக்கு 1,26,000. மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போனால், வந்தே பாரத்தோ இரவு பஸ்ஸோ, ஒரு தடவைக்கு 2,500 என்று வைத்தாலும் 45,000. இரண்டும் சேர்ந்து 1,71,000. அவர்கள் தரும் ஒரு லட்சத்தைவிட இது அதிகம். இதற்கு மேல் ஏப்ரலில் குடும்பம் வந்த பிறகு, ஆனையூரில் 13,000 கொடுத்த வாடகை பெங்களூரில் 30,000 ஆனால் மாதம் 17,000 வித்தியாசம். அது ஒரு வருடத்துக்கு 2,04,000. இதோடு நிற்காது, இருக்கிற வரைக்கும் வரும்.

ஆகவே எச்.ஆரிடம் ஒரு லட்சத்தை ஒன்றேகால் லட்சமாக்கப் பேசுவதில் உங்கள் சக்தியைச் செலவழிக்காதீர்கள். அது ஒரே தடவை வந்து போகிற 25,000. மாதம் 10,000 நகர ஈட்டுப்படி என்று சம்பளத்தில் ஏற வைத்தால் வருடத்துக்கு 1,20,000. வரி போனாலும் ஒரு லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். மாற்ற உத்தரவு வாங்குவதற்கு முன்னால் பேசினால்தான் இது நடக்கும். சேர்ந்து உட்கார்ந்துவிட்ட பிறகு ‘அடுத்த இன்க்ரிமென்ட்டில் பார்க்கலாம்’ என்பார்கள். சம்பளத்தை ஏற்ற முடியாது என்று சொன்னால், ஏப்ரல் வரை அறை வாடகையை மட்டுமாவது நிறுவனம் ஏற்கட்டும் என்று கேளுங்கள். மகளின் படிப்பு என்ற காரணம் நியாயமானது, முடியும் தேதியும் தெரிந்தது. கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வரி விஷயத்தில் நண்பர் பாதி சரி

படிக்கு வரி இல்லை என்பது முழு உண்மையில்லை. புதிய முறையில் கட்டாயம் வரி உண்டு என்பதும் தவறு. 2025-26 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(14) பிரிவும் 2பிபி விதியும் சொல்வது இதுதான்: இடமாற்றப் பயணத்துக்கும், சொந்தச் சாமான்களைக் கட்டி ஏற்றிப் போவதற்கும் தரும் படியில், உண்மையாகச் செலவான அளவுக்கு வரி கிடையாது. புதிய முறையில் பல சலுகைகள் போய்விட்டாலும் இது போகவில்லை. வீட்டு வாடகைப் படி விலக்கு போனதால் எல்லாமே போய்விட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், சம்பளப் பிரிவில் இருப்பவர்கள் உட்பட.

‘உண்மையாகச் செலவான அளவுக்கு’ என்பதில்தான் விஷயம். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 13,80,000. நிலையான கழிவு 75,000 போக 13,05,000. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 12 லட்சத்துக்கு மேல் 16 லட்சம் வரை 15 சதவீதம், செஸ் சேர்த்து 15.6. அதாவது மேலே வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 15 ரூபாய் 60 காசு போகும். பில் எதுவும் கொடுக்காவிட்டால் ஒரு லட்சத்துக்கும் வரி, 15,600 ரூபாய். மேலே சொன்ன 60,000க்கு பில் கொடுத்தால் மீதி 40,000க்கு மட்டும் வரி, 6,240 ரூபாய். ஒரு கோப்பில் நாலைந்து தாள் சேர்த்து வைப்பதற்கு 9,360 ரூபாய் கூலி. மோசமில்லை. புரோக்கர் கமிஷனும் பள்ளிக் கட்டணமும் பயணமோ சாமான் ஏற்றுவதோ இல்லை. அவற்றுக்கு பில் இருந்தாலும் ஆடிட்டர்கள் வரிக்கு உட்பட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பணம் ஜூலையில் வருகிறது. சாமான் போவது ஏப்ரலில், அதாவது அடுத்த நிதியாண்டில். சம்பளப் பிரிவு ஜனவரி, பிப்ரவரியில் பில் கேட்கும்போது உங்களிடம் ஜூலையில் தனியாகப் போன டிக்கெட் ஒன்றுதான் இருக்கும். மீதிக்கெல்லாம் வரி பிடித்துவிடுவார்கள். ஏப்ரலில் 44,000 ரூபாய் லாரி பில்லை நீட்டினால், ‘அது போன வருடத்துப் படியாச்சே’ என்ற பதில்தான் வரும்.

அதனால் தொகையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். உங்கள் பயணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் ஜூலையில் ஒரு பகுதி. சாமானும் குடும்பமும் போகும்போது, பில்லைப் பார்த்துத் தரும் இன்னொரு பகுதி. இதைவிட நல்லது, லாரிக்காரர் நிறுவனத்தின் பெயரிலேயே பில் போட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டுவது. உங்கள் கைக்குப் பணமே வராது, சம்பளத் தாளிலும் ஏறாது. ஆனால் ஒன்று, மாற்ற உத்தரவில் ‘குடும்ப இடமாற்றச் செலவை 2026 மே மாதம் வரை கோரலாம்’ என்பது போல ஒரு கெடு எழுதியிருக்க வேண்டும். பல கொள்கைகளில் மூன்று மாதமோ ஆறு மாதமோ தாண்டினால் உரிமை போய்விடும். இந்த ஒரு வரி இல்லாமல் இரண்டாம் பகுதியை ஒத்திவைக்கச் சம்மதிக்காதீர்கள். வரி மிச்சமாகிறது என்று படியையே கோட்டை விட்டவர்கள் உண்டு.

தங்கும் அறைக்கும் இதே யோசனைதான். இடமாற்றத்தின்போது நிறுவனமே விடுதியில் இடம் கொடுத்தால், மொத்தம் பதினைந்து நாள் வரை அதை உங்கள் வருமானமாகச் சேர்ப்பதில்லை. நீங்களே அறை எடுத்து அப்புறம் பணம் வாங்கினால் தேவையில்லாத கேள்வி வரும்.

பில் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். விலை கேட்கப் போனால், ‘கம்பெனி க்ளெய்மா சார்? கூட்டிப் போட்டுத் தரட்டுமா?’ என்று அவர்களே கேட்பார்கள். வேண்டாம். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. லாரி ரசீதில் இருக்கும் வண்டி எண்ணையும் எடையையும் பார்த்தாலே எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். பொய் பில் நிரூபணமானால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு முடியாது, அது வேலையிலிருந்து நீக்கக்கூடிய முறைகேடு. கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஜிஎஸ்டி பில், லாரி ரசீது, சாமான் பட்டியல் மூன்றையும் வாங்கிவையுங்கள். இன்ஷூரன்ஸ் என்று தனியாகப் பணம் வாங்கினால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசித் தாள் வேண்டும். லாரிக்காரர் தன் பில்லிலேயே ‘இன்ஷூரன்ஸ்’ என்று ஒரு வரி எழுதித் தருவது இன்ஷூரன்ஸ் இல்லை.

இரண்டு வருட நிபந்தனை

படியைப் பெற்றுக்கொண்டு மூன்றே மாதத்தில் வேறு வேலைக்குத் தாவிவிடக் கூடாது என்று நிறுவனம் நினைப்பதில் தப்பில்லை. இப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் ஒரு தொகை தர வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, தாளில் எழுதிய தொகை எதுவானாலும் நீதிமன்றம் கொடுப்பது நியாயமான ஈட்டைத்தான். கோர்ட்டுக்குப் போய் அந்த நியாயத்தைத் தேடுவதைவிட, கையெழுத்துக்கு முன்னால் தாளிலேயே அதை வாங்கிவிடுவது மேல்.

மூன்று திருத்தம் கேளுங்கள். முதலாவது, மாதக் கணக்கில் குறைய வேண்டும். ஒரு லட்சத்தை 24ஆல் வகுத்தால் மாதம் சுமார் 4,167. பதினெட்டு மாதம் வேலை பார்த்து விலகினால் மீதி ஆறு மாதத்துக்கு 25,000தான் தர வேண்டும். இப்போது இருக்கிறபடி என்றால் இருபத்து மூன்றாவது மாதம் விலகினாலும் முழு லட்சம். இரண்டாவது, நீங்களாக விலகினால் மட்டும் என்று இருக்க வேண்டும். ‘எக்காரணத்தாலும் பணி முடிந்தால்’ என்று எழுதியிருந்தால், ஆள்குறைப்பு என்று அவர்களே அனுப்பினாலும், மறுபடி மதுரைக்கே மாற்றினாலும்கூடச் சிக்கல் வரும். மூன்றாவது, கையில் வந்த தொகையைத்தான் திருப்பித் தருவேன் என்பது. வரி பிடித்த பிறகு 93,760 வாங்கிவிட்டு ஒரு லட்சமாகத் திருப்பிக் கட்டினால், அந்த 6,240 ரூபாயை அடுத்த வருடம் யாரிடமும் கேட்க முடியாது.

பாக்கியை எதிலிருந்து வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்பது வருடத்தில் உங்களுக்குப் பணிக்கொடை நல்ல தொகையாகச் சேர்ந்திருக்கும். பணிக்கொடைக்கான சட்டம் அதில் கைவைக்க மிகக் குறுகிய காரணங்களையே அனுமதிக்கிறது. சீக்கிரம் விலகியது அவற்றில் ஒன்றில்லை. ‘பணிக்கொடை நீங்கலாக’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

எதையும் எழுதித் தர மாட்டோம், இருக்கிற தாளில் கையெழுத்துப் போடு என்றால்? உங்கள் வேலை மேலாளர் அல்லது மேற்பார்வையாளர் வகையில் வந்தால் தொழிலாளர் நீதிமன்றம் கைகொடுக்காது. அப்போது சிவில் நீதிமன்றம்தான் வழி. ஒரு லட்சத்துக்காக அங்கே போய் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட நிலையில், படியை வாங்காமல், சாமான் செலவை மட்டும் நிறுவனம் நேரடியாகக் கட்டட்டும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் கட்டாயம் இருப்பேன் என்று உங்களுக்கே தோன்றினால், கையெழுத்துப் போடுவதில் பெரிய ஆபத்து இல்லை. அந்தத் தாளின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வண்டி. கார் ஏப்ரலில் போகிறது என்றால், வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதற்கு மதுரை ஆர்டிஓவிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்ட வேண்டும், இங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வேண்டும். எந்த இடமாற்றப் படியிலும் இந்த வரியைச் சேர்ப்பதில்லை. பழைய கார் என்றால் அதை ஏற்றிப் போகும் 9,000த்தையும் அங்கே கட்டும் வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மதுரையிலேயே விற்றுவிடுவது லாபமா என்று யோசியுங்கள். கார் கடன் பாக்கி இருந்தால் தடையில்லாச் சான்றுக்கு வங்கியின் சம்மதமும் தேவை. அதற்கு நாளாகும் என்பதால் மார்ச் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே மனுக் கொடுத்துவிடுங்கள்.